மேல் டியூப் சொட்டும் தண்ணீர், கீழ் டியூப்பின் பாடு: படுக்கை கண்டன்சர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயக்கழிவு நீரை வற்றவைக்கும் எவாப்பரேட்டர்களின் வால்பக்கத்தில் ஒரு படுக்கை கண்டன்சர் இருக்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டு நீர்கூட நொய்யலுக்குப் போகக்கூடாது என்பது இங்கே நடைமுறை ஆனது. ஆர்ஓ ஒதுக்கிய உப்புத்தண்ணீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைப்போம். கடைசிக் கட்டத்தில் வரும் ஆவியை இந்தக் கண்டன்சர் தண்ணீராக்கும். ஷெல்லுக்குள் ஆவி, டியூப்புக்குள் கூலிங் டவர் தண்ணீர். ஆபரேட்டர்களும் பாலிடெக்னிக் பையன்களும் ஓரிரு முதலாளிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஏனுங்க, மேல இருக்கற டியூப்பும் கீழ இருக்கற டியூப்பும் ஒரே சைஸ், ஒரே ஆவி. அப்புறம் எப்படிக் கீழ் டியூப் கம்மியா வேலை செய்யும்?

பவானியில் ஜமக்காள நூலைச் சாயம் முக்கிக் கழியில் வரிசையாகக் காயப்போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல் கழி நூல் சொட்டுவது கீழ்க் கழி நூலின் மேல் விழும். மேலே உள்ளது சீக்கிரம் காயும், கீழே உள்ளது ஈரமாகவே நிற்கும். கண்டன்சருக்குள்ளும் இதே கதைதான்.

ஆவி நேரடியாக உலோகத்தைத் தொட்டுத் தண்ணீராவதில்லை. டியூப்பைச் சுற்றி ஏற்கெனவே ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் போர்த்தியிருக்கும். ஆவி அந்தப் படலத்தின் வெளிப்பக்கத்தில்தான் தண்ணீராக மாறுகிறது. மாறும்போது விடும் வெப்பம் படலத்தைத் துளைத்துக்கொண்டு உலோகத்துக்குப் போயாக வேண்டும். தண்ணீர் வெப்பத்தைச் சுமாராகத்தான் கடத்தும். ஆகவே படலம் தடித்தால் வெப்பம் போவது குறையும்.

முதல் வரிசை டியூப்பில் அதன் சொந்தத் தண்ணீர் மட்டும்தான். இரண்டாவதில் சொந்தத் தண்ணீரோடு மேலிருந்து விழுந்ததும் சேரும். பதினாறாவது டியூப் தனக்கு மேலுள்ள பதினைந்தின் தண்ணீரையும் சுமக்கும். எங்கள் கண்டன்சர் கணக்கில் ஒவ்வொரு டியூப்பும் மீட்டர் நீளத்துக்கு நிமிடத்துக்கு 60 மில்லி அளவில் தண்ணீர் ஆக்குகிறது. ஆக, பதினாறாவதின் அடியிலிருந்து மீட்டருக்கு நிமிடம் ஒரு லிட்டர் வழியும். மேல் டியூப்பின் பக்கவாட்டில் படலம் சுமார் 0.044 மில்லிமீட்டர். கீழே அது 0.11 மில்லிமீட்டர். தலைமுடிப் பருமனுக்குள் நடக்கும் விவகாரம்தான், ஆனால் கண்டன்சருக்கு அது பெரிய விஷயம்.

ஆவி பக்கக் கெழு வரிசை எண்ணிக்கையோட கால் அடுக்குல குறையும்னு சொல்லிக்குடுத்தாங்க. அந்தக் கால் எங்கிருந்து வருது சார்?

வில்ஹெல்ம் நுஸ்ஸெல்ட் 1916இல் போட்ட கணக்கு அது. படலம் தன் எடையால் அமைதியாக, அடுக்கடுக்காக வழிகிறது, ஆவி நின்ற இடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு டியூப்பின் ஆவி பக்கக் கெழுவுக்கு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதற்கு, அவர் கண்டது இது:

h₁ = 0.729 · [ k³ ρ² g L / (μ D ΔT) ]^(1/4)

k தண்ணீரின் வெப்பக் கடத்துத்திறன், ρ அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம், μ பிசுப்பு, L ஆவியின் உள்ளுறை வெப்பம், D டியூப்பின் வெளி விட்டம், ΔT ஆவிக்கும் டியூப் சுவருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். ஆவியின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை என்பதால் அதை விட்டுவிட்டேன். பழைய நூல்களில் 0.729க்குப் பதில் 0.725 இருக்கும். நுஸ்ஸெல்ட் வரைபடம் போட்டுக் கண்ட எண் அது. பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

இப்போது N டியூப்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். மேல் டியூப்பின் தண்ணீர் சிந்தாமல் சிதறாமல், ஒரே விரிப்பாகக் கீழ் டியூப்பின் தலையில் போர்த்துகிறது என்று வையுங்கள். அப்படியானால் படலத்தைப் பொறுத்தவரை அது N மடங்கு விட்டமுள்ள ஒரே டியூப் மாதிரி. சூத்திரத்தில் D இருக்கும் இடத்தில் N·D போட்டால் போதும். D கால் அடுக்கில் இருப்பதால் Nஉம் கால் அடுக்கில் வந்துவிடும்:

h_சராசரி = h₁ · N^(−1/4)

நினைவில் வைக்க எளிதான எண் 16. பதினாறின் கால் அடுக்கு சரியாக 2. அதாவது 16 வரிசை அடுக்கினால் சராசரி கெழு பாதி. இது மொத்த அடுக்குக்கும் சேர்த்த சராசரி என்பதை மறக்க வேண்டாம். தனித்தனியாகப் பார்த்தால் சரிவு முதல் சில வரிசைகளில்தான் கடுமை. முதல் டியூப்பை 1 என்று வைத்தால் இரண்டாவது 0.68, மூன்றாவது 0.60. அப்புறம் மெதுவாக இறங்கி, பத்தாவது 0.43, பதினாறாவது 0.38.

புத்தகத்துல கால் அடுக்கு, டிசைன் பண்றவங்க ஆறில் ஒண்ணு போடறாங்க. எது சரி?

என்னைக் கேட்டால் ஆறில் ஒன்றுதான் நிஜத்துக்குக் கிட்டே.

நுஸ்ஸெல்ட் நினைத்த விரிப்பு நிஜத்தில் விழுவதில்லை. சைட் கிளாஸ் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். மேல் வரிசைகளில் டியூப்பின் அடிவயிற்றில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். ஒவ்வொரு முத்துக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். கொஞ்ச நேரம் தொங்கும், கழுத்து மெலியும், அறுந்து விழும். அதே இடத்தில் அடுத்தது கோக்கும். கீழே போகப்போகத் தண்ணீர் கூடி, சொட்டு மாறிக் குச்சி குச்சியாக ஒழுகும். இன்னும் கூடினால்தான் விரிப்பு.

சொட்டு விழும் இடத்தில் இரண்டு நல்லது நடக்கிறது. தண்ணீர் டியூப்பின் முழு நீளத்திலும் சமமாகப் பரவாமல் சில இடங்களில் மட்டும் தடித்து ஓடுகிறது, நடுவே உள்ள இடமெல்லாம் மெலிந்தே இருக்கிறது. இது ஒன்று. விழும் சொட்டு படலத்தை இடித்துக் கலக்கிவிடுகிறது, அலை எழுப்புகிறது. இது இன்னொன்று. இரண்டுமே வெப்பத்துக்கு வழிவிடும். இதையெல்லாம் சேர்த்து டொனால்ட் கெர்ன் 1958இல் சொன்னது:

h_சராசரி = h₁ · N^(−1/6)

இதன்படி 16 வரிசைக்கு 0.63தான், 0.50 இல்லை. பதினாறாவது டியூப்பும் 0.38க்குப் பதில் 0.53 வேலை செய்யும்.

சில பையன்கள் சென் திருத்தம் பற்றியும் கேட்பார்கள். விழும் தண்ணீர் ஆவியைவிடச் சற்றுக் குளிர்ந்திருப்பதால், இரண்டு டியூப்புக்கு நடுவே விழும்போதே கொஞ்சம் ஆவியைப் பிடித்துக்கொள்ளும் என்பது அது. நீராவிக்கு அதன் பலன் எங்கள் கணக்கில் 3 சதவீதம் வருகிறது. தேர்வுக்கு எழுதுங்கள், ஆலையில் விட்டுவிடலாம்.

சூத்திரமெல்லாம் இருக்கட்டுங்க. நம்ம கண்டன்சருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க.

சரி. ஷெல்லுக்குள் 0.15 பார் தனியழுத்தம், அங்கே ஆவியின் வெப்பநிலை 54 டிகிரி. டியூப் 25.4 மில்லிமீட்டர் வெளி விட்டம், 316எல் ஸ்டெயின்லெஸ், சுவர் 1.2 மில்லிமீட்டர், நீளம் 3 மீட்டர். டியூப் மையத்துக்கு மையம் உள்ள தூரமான பிட்ச் 32 மில்லிமீட்டர், சதுர அடுக்கு. மொத்தம் 430 டியூப், வெளிப்பரப்பு 103 சதுர மீட்டர். ஷெல்லின் நடுக்கோட்டில் 24 டியூப் நிற்கிறது, ஆனால் கணக்குக்கு N = 16 எடுக்கிறேன். காரணம் அடுத்தடுத்த கேள்வியில் வரும். கூலிங் டவர் தண்ணீர் 30 டிகிரியில் நுழைந்து 38இல் வெளியேறுகிறது.

ஆவிக்கும் சுவருக்கும் வித்தியாசம் 6 டிகிரி என்று வைப்போம். 51 டிகிரித் தண்ணீருக்கு k = 0.643, ρ = 988, μ = 0.00054. L = 23,73,000 ஜூல்/கிலோ. சூத்திரத்தில் போட்டால் அடைப்புக்குள் 7.34 × 10¹⁶ வரும். அதன் கால் அடுக்கு 16,460. அதை 0.729ஆல் பெருக்கினால்

h₁ = 12,000 W/m²K

இது தனி டியூப்புக்கு. பதினாறு வரிசைக்கு நுஸ்ஸெல்ட் வழியில் 6,000. கெர்ன் வழியில் 7,560.

இனி மற்றத் தடைகளைச் சேர்க்க வேண்டும். வெப்பம் தாண்ட வேண்டிய ஒவ்வொரு வேலியையும் ஒரே அலகில் எழுதுகிறேன், எல்லாம் 10⁻⁴ m²K/W. டியூப்புக்குள் ஓடும் தண்ணீர் 2.0. ஸ்டெயின்லெஸ் சுவர் 0.8. உள்ளே படியும் டவர் தண்ணீர் அழுக்குக்கு ஒதுக்கும் இடம் 2.0. வெளியே கண்டன்சேட் படலம் நுஸ்ஸெல்ட்படி 1.67. கூட்டினால் 6.47. அதைத் தலைகீழாக்கினால் மொத்தக் கெழு 1,546.

ஆவி 54, தண்ணீர் 30 முதல் 38. மடக்கைச் சராசரி வித்தியாசம் 19.7 டிகிரி. ஆகவே சதுர மீட்டருக்கு 30,500 வாட். 103 சதுர மீட்டருக்கு 3.14 மெகாவாட். மணிக்குச் சுமார் 4.8 டன் ஆவியை இது தண்ணீராக்கும்.

தொடக்கத்தில் குத்துமதிப்பாக வைத்த 6 டிகிரியைச் சரிபார்க்காமல் விடக்கூடாது. 30,500ஐ 6,000ஆல் வகுத்தால் 5.1 டிகிரி. டியூப் புதிதாக, அழுக்கில்லாமல் இருந்தால் 7.4 டிகிரி வருகிறது. நடுவில் 6. கால் அடுக்கு என்பதால் இந்த ஒரு டிகிரி கெழுவை ஐந்து சதவீதத்துக்குமேல் அசைக்காது. மறுபடி போட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

அப்ப கெழு பாதியாயிடுச்சுன்னா கண்டன்சர் ரெண்டு மடங்கு பெருசா வாங்கோணுமா?

வேண்டவே வேண்டாம். ஒரு ஆலை முதலாளி இதே பயத்தில் கொட்டேஷனோடு வந்தார், அதனால்தான் இதைத் தனிக் கேள்வியாக வைத்தேன்.

மேலே எழுதிய வேலிகளைப் பாருங்கள். கண்டன்சேட் படலம் நான்கில் ஒன்றுதான். சொட்டுவதே இல்லை என்று கற்பனை செய்து தனி டியூப்பின் 12,000ஐப் போட்டால் படலத்தின் தடை 0.83, மொத்தம் 5.63, மொத்தக் கெழு 1,776. நுஸ்ஸெல்ட் சொன்னபடி சொட்டினால் 1,546. ஆவி பக்கக் கெழு பாதியாகக் குறைந்தும் மொத்தக் கெழு 13 சதவீதம்தான் இறங்கியது. கெர்ன்படி போட்டால் 1,634, அதாவது 8 சதவீதம்.

பரப்பில் சொன்னால் இன்னும் தெளிவு. ஒரே வேலைக்கு, சொட்டுவதை மறந்துவிட்ட டிசைனர் 90 சதுர மீட்டர் கொடுப்பார். கெர்ன் 97 கேட்பார். நுஸ்ஸெல்ட் 103. மறந்தவருக்கும் நுஸ்ஸெல்ட்டுக்கும் 13 சதுர மீட்டர் வித்தியாசம், 55 டியூப் அளவு. மறக்கக்கூடாத தொகைதான், ஆனால் இரண்டு மடங்கு எங்கே, இது எங்கே.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். அழுக்குக்கு ஒதுக்கிய 2.0ஐ எடுத்துவிட்டால், அதாவது டியூப்பை உள்ளே பளிச்சென்று கழுவி வைத்தால், மொத்தக் கெழு 1,546இலிருந்து 2,237க்கு ஏறும். நாற்பத்தைந்து சதவீதம். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஸ்கேல் படிய நாளாகாது. நீராவிக் கண்டன்சரில் வெளியே சொட்டுவதைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை உள்ளே பிரஷ் விடச் செலவிட்டால் லாபம் அதிகம்.

ஷெல் உருண்டை, பிட்ச் முக்கோணம். இதுல N-ஐ எப்படிங்க எண்றது?

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மொத்த டியூப் எண்ணிக்கையோ படுக்கை வரிசை எண்ணிக்கையோ N ஆகாது. ஒரு சொட்டு நேராகக் கீழே விழும்போது எத்தனை டியூப்பின் தலையில் படும் என்பதே N.

சதுர பிட்சில் எளிது, நேர்க்கோடாக அடுக்கியிருக்கும். உருண்டை ஷெல்லில் நடுக்கோட்டில் 24 இருந்தாலும் ஓரத்தில் ஐந்தாறுதான் இருக்கும். டிசைன் செய்கிறவர்கள் கைக்கணக்காக நடுக்கோட்டு எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு எடுப்பார்கள். 24க்கு 16 வந்தது அப்படித்தான்.

முக்கோண பிட்சில் எப்படித் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டியூப் வரிசைகள் படுக்கைவாட்டில் நெருங்கி நின்றால், அடுத்த வரிசை டியூப் நேர் கீழே இருக்காது, இடைவெளிக்குக் கீழே தள்ளி நிற்கும். நேர் கீழே இருப்பது அதற்கும் அடுத்த வரிசை. 16 வரிசை இருந்தாலும் N எட்டுதான். அதே டியூப் ஷீட்டை 30 டிகிரி திருப்பிப் பொருத்தினால் டியூப்கள் செங்குத்துக் கோடுகளாக வந்துவிடும், அதே ஷெல்லில் N 14 ஆகும். ஒரு திருப்பலில் இவ்வளவு மாறும். ஆனால் தள்ளி நிற்கும் டியூப்பின் மேலும் ஆவி அடித்துச் சொட்டு சாய்ந்து விழும், ஆகவே எட்டு என்பதை முழுதாக நம்பி இறங்க வேண்டாம்.

நடுவுல சாய்வா ஒரு தகடு வெச்சு மேல் பாதித் தண்ணியை ஓரமா வழிச்சு உட்டா?

செய்கிறார்கள். பெரிய அனல்மின் நிலையக் கண்டன்சர்களில் வரிசைகள் மிக அதிகம், அங்கே பொருள் உண்டு.

நம் கணக்கில் பார்ப்போம். 24ஐ 12, 12 என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் N எட்டு. நுஸ்ஸெல்ட்படி கெழு 7,135 ஆகும், மொத்தக் கெழு 1,546இலிருந்து 1,613. நான்கு சதவீதம் லாபம். அதற்காகத் தகடு வைக்கும் இடத்தில் ஒரு வரிசை டியூப்பையே எடுக்க வேண்டியிருந்தால் லாபம் அங்கேயே போய்விடும். அதோடு தகடு ஆவியின் வழியையும் மறிக்கும். 0.15 பாரில் ஒரு கிலோ ஆவி பத்து கன மீட்டர் இடம் கேட்கும், 4.8 டன் என்றால் வினாடிக்கு 13 கன மீட்டர். வழியில் ஒரு கிலோபாஸ்கல் அழுத்தம் இழந்தால் கீழ்ப் பாதியில் ஆவியின் வெப்பநிலை 1.4 டிகிரி இறங்கும். 19.7இல் 1.4 என்பது ஏழு சதவீதம், இரண்டு பாதிக்கும் சேர்த்துச் சராசரியில் மூன்றரை. நாலைப் பிடிக்கப் போய் மூன்றரையை விட்ட கதையாகிவிடும். எங்கள் அளவுக் கண்டன்சரில் நான் தகடு கேட்கமாட்டேன்.

ஆவி வேகமா மேலிருந்து அடிக்குதே, அது தண்ணியை ஊதித் தள்ளிடாதா?

தள்ளும், நல்லதுதான். மேலிருந்து நுழையும் ஆவி முதல் வரிசை இடுக்குகளில் வினாடிக்கு 28 மீட்டர் அளவில் பாய்கிறது. படலத்தை இழுத்து மெலிதாக்கும், சொட்டைச் சிதறடிக்கும். கீழே போகப்போக ஆவி தீர்ந்துவிடுவதால் அடி வரிசைகளில் இந்த உதவி இருக்காது. நுஸ்ஸெல்ட் ஆவியை நிறுத்திவைத்துக் கணக்குப் போட்டார் என்பதால், நிஜக் கண்டன்சர் அவர் சொன்னதைவிட நன்றாக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்க கண்டன்சர்ல வேக்கம் குறைஞ்சுட்டே வருது. கண்டன்சேட் வழியறதாலதான்னு சர்வீஸ்காரர் சொல்றாரு. நம்பலாமா?

நம்ப வேண்டாம். மேலிருந்து சொட்டுவது கண்டன்சர் பிறந்த நாளிலிருந்து இருப்பது. லோடு மாறாமல் அது இன்றைக்குக் கூடி நாளைக்குக் குறையாது. போன மாதம் நன்றாக ஓடியது இந்த மாதம் ஓடவில்லை என்றால் குற்றவாளி வேறு யாரோ.

நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு ஆலையில் 0.15 பாரில் நிற்க வேண்டியது 0.20க்கு ஏறி நின்றது, ஆவி 60 டிகிரி. வரிசை அதிகம், டிசைன் கோளாறு என்று நான் எழுதிக்கொடுக்கவே போனேன். அங்கே இருந்த வயதான ஃபிட்டர் ஒருவர் ஷெல்லின் வயிற்றில் புறங்கையை வைத்துவிட்டு, "சார், இங்க வந்து கைய வெச்சுப் பாருங்க, அடி ஜில்லுன்னு இருக்குது" என்றார். மேல் பாதி சுட்டது, அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெதுவெதுப்புதான். கண்டன்சேட் பம்ப்பின் ஸ்ட்ரெய்னர் அடைத்து, தண்ணீர் வெளியேறாமல் தேங்கி, கீழ் வரிசைகள் முழுதாக மூழ்கியிருந்தன. மூழ்கிய டியூப் ஆவியைப் பார்க்கவே பார்க்காது, தேங்கிய தண்ணீரைக் குளிர்வித்துக்கொண்டு சும்மா கிடக்கும். லெவல் காட்டும் கண்ணாடிக் குழாயின் கீழ் வால்வும் அடைத்திருந்ததால் லெவல் சரியென்றே காட்டியது. ஸ்ட்ரெய்னரைக் கழுவியதும் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து முதல் வேலை கையை வைப்பது.

சொட்டுவதற்கும் மூழ்குவதற்கும் வித்தியாசம் காட்டுவது, ஷெல்லின் அடியில் கண்டன்சேட் சேரும் தொட்டியான ஹாட்வெல்லில் உள்ள தண்ணீரின் வெப்பநிலை. வெறும் சொட்டல் என்றால் அது ஆவியைவிட ஓரிரண்டு டிகிரிதான் குறைவாக இருக்கும், ஏனென்றால் விழும் வழியெல்லாம் ஆவி அதைச் சுடவைத்துக்கொண்டே வருகிறது. எட்டு, பத்து டிகிரி குறைந்திருந்தால் ஒன்று தேங்கியிருக்கிறது, இல்லை காற்று புகுந்திருக்கிறது.

காற்றா என்று பார்க்க, லோடை நிறுத்திய பிறகு கண்டன்சரைத் தனிமைப்படுத்தி வேக்கம் பம்ப்பின் வால்வை மூடி, அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கடிகாரத்தோடு நில்லுங்கள். ஓட்டத்தில் இருக்கும்போதே வெண்ட் லைனைத் தொட்டும் பார்க்கலாம். காற்று நிறைய இருந்தால் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும். காற்று டியூப்பைச் சுற்றிப் போர்வை போல நின்றுகொண்டு ஆவியைக் கிட்டே விடாது. அது பண்ணும் கெடுதலுக்கு முன்னால் சொட்டும் தண்ணீரெல்லாம் சாது.

ஸ்கேல் என்றால் ஒரே நாளில் வராது. டிசைனில் ஆவிக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் 16 டிகிரி வித்தியாசம். அதே லோடில், அதே தண்ணீர் அளவில் அது வாரா வாரம் 17, 19, 22 என்று ஏறினால் டியூப்பைக் கழுவும் நேரம். ஹாட்வெல் வெப்பநிலை ஆவியோடு ஒட்டியே இருக்கும் என்பது இதற்கு அடையாளம்.

சில்லர்லயும் இதே கதைதானா?

அங்கேதான் இது நிஜமாகவே கடிக்கும். ஆர்-134ஏ போன்ற குளிர்பதனத் திரவம் தண்ணீரின் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெப்பத்தைக் கடத்தும், உள்ளுறை வெப்பமும் மிகக் குறைவு. 19 மில்லிமீட்டர் வெறும் டியூப்பில் 40 டிகிரியில் தனி டியூப்பின் கெழுவே 2,000 பக்கம்தான். பதினாறு வரிசையில் அது 1,000 ஆனால் படலத்தின் தடை 5இலிருந்து 10 ஆகும். தண்ணீருக்கும் அழுக்குக்கும் அதே நான்கைச் சேர்த்தால் 9 இருந்தது 14. மொத்தக் கெழு 36 சதவீதம் விழுகிறது. நீராவியில் 13 என்று பார்த்ததோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அதனால்தான் சில்லர் கண்டன்சரில் வெறும் டியூப் போடுவதில்லை, மயிரிழை மாதிரி வரிப்பள்ளம் வெட்டிய ஃபின் டியூப் போடுகிறார்கள். பரப்பு கூடுவது ஒரு லாபம். வரியின் முனையிலிருந்து பள்ளத்துக்குத் திரவத்தைப் பரப்பு இழுவிசை உறிஞ்சிக்கொள்வதால், மேலிருந்து விழுவதும் பள்ளத்தோடு ஓடிவிடும், முனைகள் மெலிந்தே இருக்கும். அந்த டியூப்களில் வரிசை எண்ணிக்கையின் பாதிப்பு நுஸ்ஸெல்ட் சொன்னதைவிட மிகக் குறைவு. அவற்றுக்கு இங்கே எழுதிய அடுக்குகளைப் போடாதீர்கள்.

பேசாம டியூப்பையே நிமித்தி வெச்சுட்டா ஒண்ணு மேல ஒண்ணு சொட்டாதில்லீங்க?

ஒன்றின் மேல் ஒன்று சொட்டாது, ஆனால் தன் மேலேயே மூன்று மீட்டர் வழியும். நுஸ்ஸெல்ட்படி இதே டியூப்பைப் படுக்கவைத்தால் நிமிர்த்தி வைத்ததைவிடக் கெழு இரண்டரை மடங்கு. 16 வரிசை அடுக்கிய பிறகும் 1.27 மடங்கு மிச்சம். 42 வரிசைக்குப் பிறகுதான் இரண்டும் சமம். நிமிர்ந்த டியூப்பில் படலம் அலையடிப்பதால் நிஜ வித்தியாசம் இதைவிடக் குறைவு, ஆனாலும் படுக்கை மோசமில்லை. நிமிர்த்துவதற்கு இடவசதி, டியூப்புக்குள் ஆவி விடுவது என்று வேறு காரணங்கள் இருக்கலாம். சொட்டுக்குப் பயந்து நிமிர்த்த வேண்டாம்.

ஓட்டை விழுந்த டியூப்பை பிளக் அடிக்கறோம். மேல் டியூப் போச்சுன்னா நஷ்டம் அதிகமா, கீழ் டியூப் போச்சுன்னா அதிகமா?

மேல் டியூப்தான் நன்றாக வேலை செய்கிறது, அது போனால்தான் நஷ்டம் என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. மேல் டியூப்பை அடைத்தால் அதன் வேலை போகும், ஆனால் அது சொட்டிய தண்ணீரும் நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள பதினைந்தும் ஒரு படி மேலேறியது போல மெல்லிய படலத்தோடு வேலை செய்யும். நுஸ்ஸெல்ட் வழியில் போட்டால் ஒரு கோட்டில் எதை அடைத்தாலும் நஷ்டம் ஒன்றே: பதினாறு டியூப்பின் ஆவி பக்கத் திறனில் 4.7 சதவீதம். உள் தண்ணீர், ஸ்கேல், சுவர் எல்லாம் டியூப்புக்கு டியூப் தனித்தனி என்பதால் அவற்றையும் சேர்த்த மொத்த நஷ்டம் 5.9. ஆகவே எந்த டியூப்பில் ஓட்டையோ அதை அடையுங்கள், வரிசை பார்க்க வேண்டியதில்லை. மேல் வரிசையில் மட்டும் அடுத்தடுத்து ஓட்டை விழுந்தால், ஆவி நுழையும் வாய்க்குக் கீழே அடிதாங்கித் தகடு பிய்ந்திருக்கிறதா என்று அடுத்த ஷட்டவுனில் எட்டிப் பாருங்கள்.